புதன் மதியம் பயிற்சி, கல்லூரியில் டே ஆர்டர்: துறைத்தலைவருக்கு வகுப்பு மாற்றக் குறிப்பை எப்படி எழுதுவது?

மேலூர் இயற்பியல்:
வணக்கம். மேலூர் பக்கம் ஒரு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். பல்கலை நகரில் ஆய்வகக் கருவிகள் பற்றிய பயிற்சி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆறு வாரம், புதன்கிழமை தோறும் பிற்பகல் 3 முதல் 5 வரை. இங்கிருந்து மாட்டுத்தாவணி போய், ஊரைக் கடந்து நாகமலை புதுக்கோட்டை பக்கம் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஒரு மணிக்கே கிளம்பியாக வேண்டும். எங்களுக்கு 2 முதல் 4 வரை நாலாவது, ஐந்தாவது ஹவர். அந்த இரண்டும்தான் அடிபடுகின்றன.

துறைத்தலைவர் நல்லவர், ஆனால் கறார். "எழுதிக் கொடுங்கம்மா, பார்க்கிறேன்" என்றார். "புதன்கிழமை பிற்பகல் வகுப்புகளை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று நாலு வரி எழுதிப் பார்த்தேன், எனக்கே திருப்தியில்லை. மாணவர்களுக்கு ஒரு ஹவரும் வீணாகக் கூடாது. வாரத்தில் ஐந்து நாள் வேலை, ஆறு டே ஆர்டர்; அதாவது கால அட்டவணை கிழமைப்படி இல்லாமல், வேலை நாள் வரிசையில் ஒன்று முதல் ஆறு வரை சுழலும். இதுவரை இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் சொல்லுங்கள்.

தெப்பக்குளம் தமிழன்:
இதற்கு எதற்குக் குறிப்பு? பயிற்சி என்றால் ஆன் டியூட்டி, அதாவது ஓ.டி. அழைப்புக் கடிதத்தை இணைத்து ஓ.டி. விண்ணப்பம் கொடுங்கள். துறைத்தலைவர் பரிந்துரைப்பார், முதல்வர் கையெழுத்துப் போடுவார். வகுப்புக்கு ஆள் போடுவது துறையின் வேலை. நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் மெனக்கெட வேண்டும்?

டைம்டேபிள் பெரியவர்:
தம்பி சொல்வதில் பாதி சரி. ஓ.டி. கண்டிப்பாக வேண்டும், அது தனித்தாள். ஆனால் அது உங்கள் வருகைக் கணக்கை மட்டும்தான் காப்பாற்றும், வகுப்பைக் காப்பாற்றாது. ஓ.டி. மட்டும் போனால், அன்று மதியம் யார் சும்மா இருக்கிறாரோ அவரைத் துறைத்தலைவர் அந்த வகுப்பில் உட்கார வைப்பார். அவர் வேறு பாடம் நடத்துபவர். பிள்ளைகள் ரெக்கார்டு எழுதுவார்கள். வருகைப் பதிவு விழும், போர்ஷன் நகராது. ஒரு நாள் என்றால் பரவாயில்லை, ஆறு வாரம் என்றால் தாங்காது.

நான் பல வருடம் ஒரு கல்லூரியின் டைம்டேபிள் கமிட்டியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் நாலு வரியில் திருப்தி இல்லாததற்குக் காரணம் சொல்கிறேன். உங்கள் கால அட்டவணையில் புதன்கிழமை என்று ஒன்று கிடையாது. பயிற்சி கிழமையில் ஓடுகிறது, கல்லூரி டே ஆர்டரில் ஓடுகிறது. ஐந்து நாள் வாரம், ஆறு டே ஆர்டர் என்றால் ஒவ்வொரு புதனும் போன புதனைவிட ஒரு டே ஆர்டர் பின்னால் வரும். இந்தப் புதன் மூன்றாவது டே ஆர்டர் என்றால், அடுத்த புதன் இரண்டாவது. "புதன் மதிய வகுப்பு" என்று கேட்டால் துறைத்தலைவர் எந்த வகுப்பை மாற்றுவார்?

முதலில் கல்லூரிக் காலண்டரை எடுத்து ஆறு புதனுக்கும் என்ன டே ஆர்டர் என்று எழுதுங்கள். நடுவில் விடுமுறை வருகிறதா பாருங்கள். பிறகு ஒவ்வொரு டே ஆர்டரிலும் உங்களுக்கு மதியம் என்ன வகுப்பு என்று போடுங்கள். அதை இங்கே காட்டுங்கள்.

உசிலை டீச்சர்:
எங்கள் மேல்நிலைப் பள்ளியில் இந்தச் சிக்கலே இல்லை சார். பயிற்சிக்கு உத்தரவு மேலிருந்து வரும், தலைமையாசிரியர் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் யார் எந்தப் பீரியட் என்று காலையிலேயே எழுதிவிடுவார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். மேடத்துக்கு உத்தரவு நகல் வந்திருந்தால் அதைக் காட்டினாலே போதுமே? போன தடவை எனக்கு ப்ளஸ் டூ வகுப்பு போய், திரும்பி வந்து சனிக்கிழமை எடுத்தேன். அது பெரிய பாடுதான்.

மேலூர் இயற்பியல்:
டீச்சர், எனக்கு வந்தது உத்தரவு இல்லை. நானாக விண்ணப்பித்துத் தேர்வானது. அதனால்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

பெரியவர் ஐயா, காலண்டரைப் பார்த்துவிட்டேன். தேதிகளை எடுத்துவிட்டுப் போடுகிறேன். முதல் புதன் மூன்றாவது டே ஆர்டர். இரண்டாம் புதன் இரண்டாவது. அடுத்து வரும் திங்கள் அரசு விடுமுறை, அதனால் மூன்றாம் புதன் முதலாவதாக வராமல் ஆறாவதாக வருகிறது. பிறகு ஐந்து, நாலு, கடைசிப் புதன் மறுபடி மூன்று.

மதிய வகுப்புகள்: இரண்டாவது டே ஆர்டரில் நாலாவது ஹவர் இரண்டாமாண்டு மின்னியல். மூன்றாவதில் இரண்டு ஹவரும் முதலாமாண்டு ஆய்வகம். நாலாவதில் ஐந்தாவது ஹவர் மூன்றாமாண்டு விருப்பப் பாடம். ஆறாவதில் நாலாவது ஹவர் வேதியியல் முதலாமாண்டுக்குத் துணைப்பாடமான அலைடு இயற்பியல். ஒன்றிலும் ஐந்திலும் மதியம் எனக்கு வகுப்பே இல்லை.

டைம்டேபிள் பெரியவர்:
இப்போது பாருங்கள் அம்மா. ஆறு மதியம் என்றால் பன்னிரண்டு ஹவர் போலத் தோன்றியது. உண்மையில் அடிபடுவது ஏழு. முதல் புதனும் ஆறாம் புதனும் ஆய்வகம், தலா இரண்டு. இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் புதன்களில் ஒவ்வொன்று. நாலாம் புதனில் ஒன்றுமே இல்லை, அன்று ஓ.டி. மட்டும் போதும். "ஆறு வாரம் மதிய வகுப்பு" என்று கேட்பதற்கும் "ஏழு ஹவர், ஏழுக்கும் ஏற்பாடு இதோ" என்று கேட்பதற்கும் துறைத்தலைவர் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அந்த விடுமுறையைக் கவனித்தது நல்லது. அதை விட்டிருந்தால் மூன்றாம் புதன் முதல் டே ஆர்டர், மதியம் வகுப்பில்லை என்று நினைத்துக் கிளம்பியிருப்பீர்கள். வேதியியல் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி மாற்று. ஒரே விதிதான்: முடிந்தவரை அதே வகுப்புக்குள் மாற்றுங்கள். அதாவது உங்கள் ஹவரில் உங்கள் சக ஆசிரியர் தன் பாடத்தையே நடத்துவார், அதே வகுப்பில் அவருடைய ஹவரில் நீங்கள் உங்கள் பாடத்தை நடத்துவீர்கள். பிள்ளைகள் அறையைவிட்டு எழுந்திருக்க வேண்டாம், யாருடைய போர்ஷனும் குறையாது, வாரக் கணக்கில் யாருக்கும் ஒரு ஹவர் கூடவும் கூடாது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரடி வகுப்பு. அதற்கு மேல் ஏற்றுகிறீர்களே என்று யாரும் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும்.

இரண்டாம் புதனை எடுத்துக்கொள்வோம். இரண்டாமாண்டுக்கு மறுநாள் வியாழன், மூன்றாவது டே ஆர்டர். அன்று காலையில் அந்த வகுப்புக்கு உங்கள் துறையில் வேறு யாராவது போகிறார்களா?

மேலூர் இயற்பியல்:
போகிறார், ஐயா. இரண்டாவது ஹவர் ஒளியியல். அந்த நேரம் எனக்கு வகுப்பில்லை, புதன் நாலாவது ஹவர் அவருக்கும் வகுப்பில்லை. கேட்டேன், உடனே சரி என்றுவிட்டார்.

டைம்டேபிள் பெரியவர்:
முடிந்தது. இதுதான் சுத்தமான மாற்று. மற்றவை இவ்வளவு சுலபம் இல்லை, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் நேரத்தை மாற்றவே முயலாதீர்கள். காலையில் அந்த அறையில் வேறு வகுப்பு இருக்கும், கருவியும் ஆய்வக உதவியாளரும் அந்த நேரத்துக்கென்று தயாராக இருப்பார்கள். அங்கே ஆள்தான் மாற வேண்டும். அந்த இரண்டு ஹவர் ஓய்வாக இருக்கும் ஒருவர் உங்கள் ஆய்வகத்தைப் பார்க்கட்டும், அவருடைய ஆய்வகம் ஒன்றை அதே வாரத்தில் நீங்கள் பாருங்கள். ஒன்று முக்கியம். அன்று ரீடிங் எடுக்கும்போது கூட நின்றவர் யாரோ அவர்தான் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் மறுநாள் வந்து போட்டால், பிறகு ரெக்கார்டில் அளவு ஒத்துவராதபோது யார் பார்த்தது என்று தெரியாமல் போகும்.

அலைடு வகுப்பு வேதியியல் துறையுடையது. அந்த வகுப்பின் மற்ற ஹவர் எல்லாம் வேதியியல்காரர்கள் கையில். ஆகவே மாற்று அவர்களில் ஒருவரோடுதான் முடியும், அவர்களுடைய துறைத்தலைவருக்கும் தெரிந்தாக வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு இரண்டு துறைத்தலைவர்களுக்கு நடுவே வருத்தம் வரும்.

விருப்பப் பாடம்தான் உள்ளதிலேயே கஷ்டம். உங்கள் மூன்றாமாண்டில் ஒரே நேரத்தில் இரண்டு விருப்பப் பாடம் இணையாக ஓடுகிறதா?

மேலூர் இயற்பியல்:
ஆமாம் ஐயா. பாதிப்பேர் என்னிடம், மீதிப்பேர் பக்கத்து அறையில் இன்னொருவரிடம்.

டைம்டேபிள் பெரியவர்:
அப்படியானால் முழு வகுப்புக்கான ஒரு பாடத்தோடு உங்கள் ஹவரை மட்டும் மாற்ற முடியாது. உங்கள் பாதிப்பேர் அந்த முக்கியப் பாடத்துக்குப் போவார்கள், மீதிப்பேர் பக்கத்து அறையில் இருப்பார்கள். இரண்டு விருப்பப் பாடமும் சேர்ந்து நகர வேண்டும். ஆகவே அது மூன்று பேர் சம்பந்தப்பட்ட மாற்று: நீங்கள், இணைப்பாடம் எடுப்பவர், காலையில் முக்கியப் பாடம் எடுப்பவர். மூவர் கையெழுத்தும் வேண்டும். மறக்காமல் இன்னொன்றும் பாருங்கள், காலையில் அந்த இரண்டாவது அறை காலியாக இருக்கிறதா என்று.

வாடிப்பட்டி கணக்கு:
அந்த ஒரு ஹவருக்கு ஏன் இவ்வளவு? நாலு மணிக்கு மேல் அல்லது காலை ஒன்பது மணிக்குக் கூடுதல் வகுப்பு வைத்துவிடலாமே.

மேலூர் இயற்பியல்:
எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் சுற்றுக் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. பெண் பிள்ளைகளை அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைக்க எனக்கு மனமில்லை. எனக்காக அவர்கள் நேரம் மாறவே கூடாது என்று தீர்மானமாக இருக்கிறேன்.

அலங்காநல்லூர் ஆர்.கே:
எங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன், உபயோகப்படும். மாற்று எல்லாம் காகிதத்தில் சரியாக இருந்தது. வருகைப் பதிவு மட்டும் கல்லூரியின் ஈ.ஆர்.பி. மென்பொருளில். அதில் அந்த ஹவர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் லாகின் செய்தால்தான் திறக்கும். மாற்றி வகுப்பெடுத்தவரால் போட முடியவில்லை, உரியவரும் போடவில்லை. மாதக் கடைசியில் அந்த ஹவர் முழு வகுப்புக்கும் வெற்றிடமாக இருந்தது. 75 சதவீதத்தின் ஓரத்தில் நின்ற பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஆகவே குறிப்பின் நகலை அலுவலகத்தில் ஈ.ஆர்.பி. பார்ப்பவருக்கும் கொடுங்கள், அவர் அந்த நாளுக்கு மட்டும் பெயரை மாற்றி வைப்பார்.

தெப்பக்குளம் தமிழன்:
இதை நான் யோசிக்கவில்லை. நல்ல தகவல். ஆனால் ஒரு சந்தேகம். சக ஆசிரியர் சம்மதத்தை வாய்மொழியாக வாங்கினால் போதாதா? கையெழுத்து கேட்டால் நம்பிக்கையில்லையா என்று நினைக்க மாட்டார்களா?

டைம்டேபிள் பெரியவர்:
ஆறு வாரம் நீளும் ஏற்பாடு தம்பி. ஐந்தாம் வாரம் அவருக்குக் காய்ச்சல் வரலாம், அவரே தேர்வுப் பணிக்குப் போகலாம். அப்போது அவருடைய வகுப்புகளுக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு, இந்த ஹவரும் அவர் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கையெழுத்து அதற்குத்தான். நம்பிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேலூர் இயற்பியல்:
எல்லோருக்கும் நன்றி. ஆய்வகத்துக்குச் சம்மதித்தவருக்கு வெள்ளிக்கிழமை, ஐந்தாவது டே ஆர்டரில் முதல் இரண்டு ஹவர் இரண்டாமாண்டு ஆய்வகம் இருக்கிறது. அதை நான் பார்க்கிறேன். மூன்றாம் புதனுக்கு வேதியியல் பேராசிரியை ஒருவர் தன் வெள்ளிக்கிழமை மூன்றாவது ஹவரைத் தருகிறார். எழுதியதை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். முதல் புதன், இரண்டாம் புதன் என்ற இடங்களில் மூலத்தில் தேதி இருக்கும்.

> மதிப்பிற்குரிய துறைத்தலைவர் ஐயா அவர்களுக்கு,
>
> வணக்கம். பல்கலைக்கழகத்தில் ஆறு புதன்கிழமைகளில் பிற்பகல் 3 முதல் 5 மணி வரை நடைபெறும் ஆய்வகக் கருவிப் பயிற்சிக்குத் தேர்வாகியுள்ளேன். அழைப்புக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். முதல்வருக்கான ஓ.டி. விண்ணப்பம் தனியே உள்ளது.
>
> காலண்டர்படி இந்த ஆறு நாளில் என்னுடைய ஏழு ஹவர் பாதிக்கப்படுகின்றன. அவற்றைக் கீழ்க்கண்டவாறு மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.
>
> முதல் புதன் மற்றும் ஆறாம் புதன், டே ஆர்டர் 3, ஹவர் 4, 5: முதலாமாண்டு ஆய்வகத்தைச் சக ஆசிரியர் பார்ப்பார். அதே வாரம் வெள்ளி, டே ஆர்டர் 5, ஹவர் 1, 2: அவருடைய இரண்டாமாண்டு ஆய்வகத்தை நான் பார்ப்பேன்.
>
> இரண்டாம் புதன், டே ஆர்டர் 2, ஹவர் 4: இரண்டாமாண்டில் ஒளியியல் நடைபெறும். வியாழன், டே ஆர்டர் 3, ஹவர் 2: மின்னியல் நடைபெறும்.
>
> மூன்றாம் புதன், டே ஆர்டர் 6, ஹவர் 4: வேதியியல் முதலாமாண்டில் அவர்கள் துறைப் பாடம் நடைபெறும். வெள்ளி, டே ஆர்டர் 2, ஹவர் 3: அலைடு இயற்பியல் நடைபெறும். வேதியியல் துறைத்தலைவரின் ஒப்புதல் கையெழுத்து பெறப்பட்டுள்ளது.
>
> நாலாம் புதன், டே ஆர்டர் 5: பிற்பகல் எனக்கு வகுப்பில்லை.
>
> ஐந்தாம் புதன், டே ஆர்டர் 4, ஹவர் 5: இரு விருப்பப் பாடங்களும் வியாழன், டே ஆர்டர் 5, ஹவர் 3க்கு மாறும். அந்த ஹவரின் முக்கியப் பாடம் புதன் நடைபெறும்.
>
> இடையில் எதிர்பாராத விடுமுறை வந்து டே ஆர்டர் தள்ளினால், அடுத்த வேலை நாள் காலையில் திருத்திய பட்டியலைத் தருகிறேன். சம்மதித்த ஆசிரியர்களின் கையெழுத்துகள் கீழே உள்ளன. நகல்: ஈ.ஆர்.பி. பிரிவு.
>
> தங்கள் அனுமதியை வேண்டும்,
> (கையெழுத்து, நாள்)

டைம்டேபிள் பெரியவர்:
நன்றாக வந்திருக்கிறது. பயிற்சியின் பெருமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பிடித்தது, அதற்கு இணைப்பு இருக்கிறது. "எதிர்பாராத விடுமுறை" வரியை மட்டும் கொஞ்சம் கூர்மையாக்குங்கள். மழைக்காக ஆட்சியர் விடுமுறை விட்டால், சில கல்லூரிகளில் அன்றைய டே ஆர்டர் அடுத்த வேலை நாளுக்கு நகரும், சில கல்லூரிகளில் அந்த டே ஆர்டர் அப்படியே போய்விடும், காலண்டர் மாறாது. உங்கள் கல்லூரியில் எது வழக்கம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். நகரும் என்றால் மீதிப் புதன்கள் அத்தனையும் மாறும். போய்விடும் என்றால் அந்த ஒரு வாரத்தின் ஏற்பாடு மட்டும்தான் கெடும்.

வாடிப்பட்டி கணக்கு:
மேடம், ஒன்று கேட்கலாமா? ஐந்தாம் புதன் அந்த முக்கியப் பாடம் எடுப்பவர் நிரந்தரப் பேராசிரியரா, கௌரவ விரிவுரையாளரா? நானும் கௌரவ விரிவுரையாளராக இருந்தவன். "கொஞ்சம் மாத்திக்கலாமா" என்று நிரந்தரப் பேராசிரியர் கேட்டால் எங்களால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அடுத்த வருடம் வேலை வேண்டுமே. மதியம் இன்னொரு இடத்தில் வகுப்பு இருந்தாலும் தலையாட்டுவோம். அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேலூர் இயற்பியல்:
சார், அவர் கௌரவ விரிவுரையாளர்தான். உடனே சரி என்றார். நீங்கள் சொன்னதும் மனசு உறுத்துகிறது. அவருக்கு வேறு வேலை இருக்கிறதா என்று நேரில் கேட்டால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்வாரோ?

தெப்பக்குளம் தமிழன்:
துறைத்தலைவர் மூலமாகக் கேட்கச் சொல்லலாமே.

வாடிப்பட்டி கணக்கு:
அது இன்னும் மோசம், சார். துறைத்தலைவர் கேட்டால் மறுக்கவே முடியாது.

டைம்டேபிள் பெரியவர்:
வாடிப்பட்டி சார் சொல்வது நியாயம். எங்கள் கமிட்டியில் கௌரவ விரிவுரையாளர்களைக் கேட்கவே கூடாது என்று ஒரு கட்சி, கேட்காமல் விட்டால் ஒதுக்கியது போலாகும் என்று இன்னொரு கட்சி. தீரவே இல்லை. நானாக இருந்தால் அவரிடம் இரண்டு நாளைக் காட்டி, "இதில் எது உங்களுக்குத் தோது" என்று கேட்பேன். சரியா இல்லையா என்று கேட்பதைவிட அது மேல். அப்போதும் தயங்கினால் வேறு ஹவர் தேடுவேன்.

மேலூர் இயற்பியல்:
அப்படியே கேட்டேன். புதன் மதியம் அவருக்கு அழகர்கோயில் சாலையில் ஒரு டியூஷன் வகுப்பு இருக்கிறதாம், வியாழன் ஐந்தாவது ஹவர் தோது என்றார். ஆகவே ஐந்தாம் புதனுக்கு வேறு முக்கியப் பாடத்தைத் தேடி, நிரந்தரப் பேராசிரியர் ஒருவரோடு மாற்றிக்கொண்டேன். குறிப்பில் அந்தப் பத்தியை மட்டும் திருத்தினேன்.

இன்று காலை கொடுத்தேன். துறைத்தலைவர் உட்கார்ந்து முழுதும் படித்தார். முதல் ஐந்து புதனுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆறாம் புதனைச் சுற்றி வட்டம் போட்டு, "அந்த வாரம் மாடல் பிராக்டிகல் வரும், உள்தேர்வாளர் நீங்கதான்" என்றார். செய்முறைத் தேர்வுக்கு ஆள் மாற்ற முடியாது என்பது அவர் கருத்து. தேதியை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பயிற்சியில் கடைசி நாள்தான் கருவியில் நாங்களே அளவெடுத்துக் காட்ட வேண்டும், அதை விட்டால் சான்றிதழ் கிடையாது.

அலங்காநல்லூர் ஆர்.கே:
மாடல் பிராக்டிகல் அட்டவணை போடும் முன்பே அந்த வாரம் மூன்றாவது டே ஆர்டரைத் தவிர்த்து வேறு நாள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலாமாண்டுக்கு வேறு ஆய்வக நாள் இருக்கிறதா?

மேலூர் இயற்பியல்:
இருக்கிறது. ஆறாவது டே ஆர்டரில் காலை இரண்டு ஹவர், அந்த வாரம் அது திங்கள்கிழமை. மன்னிக்கவும், மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். புதன் மூன்று என்றால் செவ்வாய் இரண்டு, திங்கள் ஒன்று, அதற்கு முந்தைய வெள்ளி ஆறு. ஆக வெள்ளிக்கிழமை, ஐந்தாம் வாரம். அந்த வெள்ளியில் மாடல் வைக்க முடியுமா என்று நாளைக்குக் கேட்கிறேன். ரெக்கார்டு அதற்குள் திருத்தி முடிந்திருக்க வேண்டும், அதைத்தான் அவர் முதலில் கேட்பார்.